8.30க்கு வரச் சொன்னால் எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள்?

கேள்வி: முதுநிலைப் புள்ளியியல் சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்திருக்கிறது. காலை 8.30க்கு வர வேண்டும், குழு 2, வரிசை எண் 7 என்று மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். உள்ளே எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள், எவ்வளவு நேரம் கேட்பார்கள்? முதலில் போவது நல்லதா, கடைசியில் போவது நல்லதா? அன்றைக்கு என்னதான் நடக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பெரும்பாலும் பதினொன்றரையிலிருந்து ஒரு மணிக்குள் கூப்பிடுவார்கள். ஆனாலும் 8.30க்கே அங்கே இருந்தாக வேண்டும். இந்த இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்துகின்றன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கணிதம், புள்ளியியல் சார்ந்த சேர்க்கைக் குழுக்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன், அதற்கான கால அட்டவணை போடும் வேலையையும் பார்த்திருக்கிறேன். மற்ற துறைகளில் வாடிக்கை கொஞ்சம் மாறலாம். உங்கள் அழைப்புக் கடிதத்தில் நான் சொல்வதற்கு மாறாக எதுவும் இருந்தால் கடிதம் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் இருப்பது வருகை நேரம். உள்ளே போகும் நேரம் வேறு. அட்டவணை போடுகிறவர் முதலில் பார்ப்பது ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் என்பதைத்தான். இந்த மாதிரி சேர்க்கைக்கு 15 முதல் 20 நிமிடம் கேள்வி, அதற்குப் பிறகு மதிப்பெண் எழுதவும் அடுத்தவரின் விண்ணப்பத்தைப் புரட்டவும் ஒரு 5 நிமிடம் என்று வைப்பது வழக்கம். 25 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். குழு 9 மணிக்குக் கூடி தங்களுக்குள் பேசி முடித்து, முதல் ஆளை 9.30க்கு அழைக்கிறது. நான்கு பேர் முடியும்போது மணி 11.10. கால் மணி நேரம் இடைவேளை. ஐந்தாமவர் 11.25க்கு, ஆறாமவர் 11.50க்கு, நீங்கள் 12.15க்கு. காகிதத்தில் இருப்பது இதுதான்.

நடப்பில் என்ன ஆகும் என்றால், நன்றாகப் பதில் சொல்கிறவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்போமே என்று குழுவுக்குத் தோன்றும். ஆளுக்கு 4 நிமிடம் கூடினால் ஆறு பேருக்கு 24 நிமிடம். குழுவில் ஒருவர் வரத் தாமதமாகி முதல் அழைப்பே கால் மணி நேரம் தள்ளிப்போனால் உங்கள் முறை 12.54க்குத்தான் வரும். சரி, எதிர்ப்பக்கம் பார்ப்போம். மூன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் வரவே இல்லை என்று வையுங்கள். ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் இருப்பதால் இது அடிக்கடி நடக்கும். அப்போது 50 நிமிடம் மிச்சமாகி, 11.25க்கே உங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆக ஒரே வரிசை எண்ணுக்கு ஒன்றரை மணி நேர வித்தியாசம் வருகிறது. அதனால்தான் உள்ளே போகும் நேரத்தைக் கடிதத்தில் போட யாரும் துணிவதில்லை. வராதவரின் நேரம் முடியும்வரை குழு சும்மா உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் முந்தைய தாமதத்தை ஈடுகட்ட வழியே இருக்காது, கடைசி ஆள் இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போவார். வராதவர்களின் நேரம்தான் தாமதத்தை ஈடுகட்டி அட்டவணையை நிமிர்த்துகிறது. உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் இல்லை என்றால் பெரும்பாலான இடங்களில் கடைசிக்குத் தள்ளுவார்கள், சில இடங்களில் வரவில்லை என்றே எழுதிவிடுவார்கள். வெளியே போக வேண்டியிருந்தால் வாசலில் பட்டியல் வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வரிசை எண் எப்படி வந்தது என்பதையும் பலர் கேட்பார்கள். விண்ணப்ப எண் வரிசை, பெயரின் அகர வரிசை, கணினிக் குலுக்கல் மூன்றும் நடைமுறையில் உண்டு. எழுத்துத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியவர்களை முதலில் போடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. சில இடங்களில் அப்படியும் இருக்கலாம், ஆனால் எண்ணைப் பார்த்து உங்கள் தகுதியைக் கணிக்க முடியாது. எந்தக் குழு என்பதில்தான் கொஞ்சம் கவனம் செலுத்துவார்கள். உங்களுக்குப் பாடம் எடுத்தவரோ, பரிந்துரைக் கடிதம் கொடுத்தவரோ, உறவினரோ குழு 1இல் இருந்தால் உங்களைக் குழு 2க்கு மாற்றிவிடுவார்கள். எண்கள் விட்டு விட்டு இருப்பதற்கு இது ஒரு காரணம். அங்கே போன பிறகு தெரிந்தவர் யாராவது குழுவில் இருக்கிறார் என்று தெரிந்தால், உள்ளே போகும் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். குழுவை மாற்றுவார்கள், அல்லது அவர் உங்கள் நேரத்துக்கு மட்டும் எழுந்து வெளியே போவார். இதனால் உங்களுக்கு எந்தக் குறையும் வராது. பின்னால் வேறொருவர் கிளப்பினால்தான் சிக்கல்.

தேதியை மாற்றக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அட்டவணை வெளியான ஓரிரு நாளுக்குள், இன்னொரு தேர்வின் ஹால் டிக்கெட் மாதிரி எழுத்தில் ஒரு ஆதாரத்தோடு கேட்டால் வாய்ப்பு உண்டு. குழு உறுப்பினர்களின் தேதிகள் உறுதியான பிறகு வேறு நாளுக்கு மாற்றுவது கடினம், அதே நாளில் முன்னே பின்னே நகர்த்துவது எளிது. அதனால் வேறு தேதி கேட்பதைவிட "அதே நாளில் பிற்பகல் கிடைக்குமா" என்று கேட்பது பலிக்கும்.

8.30க்குப் போனதும் முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு. அடையாள அட்டை, அழைப்புக் கடிதம், மதிப்பெண் பட்டியலின் அசல், நகல்கள். இங்கே அடிக்கடி இடறுவது பெயர்தான். அடையாள அட்டையில் முதலெழுத்து விரிவாக இருக்கும், மதிப்பெண் பட்டியலில் சுருக்கமாக இருக்கும், விண்ணப்பத்தில் மூன்றாவது விதமாக இருக்கும். பொதுவாக ஒரு உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள், ஆனால் அதற்குள் அரை மணி நேரம் போய்விடும், மனசும் கலங்கிவிடும். இன்று இரவே மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். கடைசிப் பருவத்தின் மதிப்பெண் இன்னும் வரவில்லை என்றால், கல்லூரியிலிருந்து அதற்கு ஒரு சான்று வேண்டுமா என்று கடிதத்தில் தேடுங்கள்.

சில இடங்களில் கைப்பேசியை வாங்கி வைப்பார்கள், முடித்து வந்தவர்களை வேறு வாசல் வழியாக அனுப்புவார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் தேர்வு என்றால் இது அவசியம், இல்லாவிட்டால் முதல் ஆள் வெளியே வந்ததும் கேள்வித்தாள் ஊருக்கே தெரிந்துவிடும். அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல், முடித்தவர்கள் காத்திருப்பவர்களோடு சகஜமாகப் பேசும் இடம் என்றால், கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அப்போது "உன்னிடம் என்ன கேட்டார்கள்" என்று விசாரிப்பதில் பலன் குறைவு. அவரிடம் மார்க்கோவ் சங்கிலி கேட்டிருப்பார்கள், ஏனென்றால் அவர் ப்ராஜெக்ட் அதில். நீங்கள் அதைக் கேட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிக் குழம்புவதுதான் மிச்சம்.

இந்தக் காத்திருப்புக் கூத்தே இல்லாத ஒரு முறையும் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 2000களின் தொடக்கத்தில் உருவான பல குறு நேர்காணல் முறை அது, பிறகு பல நாடுகளின் மருத்துவச் சேர்க்கைகளுக்குப் பரவியது. வரிசையாகச் சில அறைகள் இருக்கும், ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சூழ்நிலை ஒட்டியிருக்கும், படிக்க ஓரிரு நிமிடம், உள்ளே பேச வழக்கமாக ஏழெட்டு நிமிடம். மணி அடித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் அடுத்த அறைக்கு நகர வேண்டும். மணிதான் எஜமான் என்பதால் தாமதம் சேரவே சேராது. ஒரு அறையில் சொதப்பினாலும் அடுத்த அறையில் வேறொரு தேர்வாளர், புதிய தாள். உங்களுடையது குழு நேர்காணல் என்பதால் இது பொருந்தாது. ஆனால் யாராவது "எனக்கு மிகச் சரியாக 10.10க்குக் கூப்பிட்டார்களே" என்று சொன்னால், அவர் போனது இந்த மாதிரி ஒன்றாக இருக்கலாம்.

இனி முதலில் போவதா, கடைசியில் போவதா என்பது. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. இத்தாலியின் மெசினா பல்கலைக்கழகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாய்மொழித் தேர்வு முடிவுகளை எடுத்துப் பார்த்து 2025இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தேர்ச்சி விகிதம் நண்பகலை ஒட்டி உச்சத்தில் இருந்தது, காலை 8, 9 மணிக்கும் பிற்பகல் 3, 4 மணிக்கும் குறைந்தது. எண்ணிக்கை பெரியது என்பதால் இப்படி ஒரு போக்கு இருந்ததை நம்பலாம். ஆனால் இது பழைய பதிவுகளைப் பார்த்துச் சொன்னது, பரிசோதனை அல்ல. தேர்வாளர் களைத்தாரா, மாணவர் களைத்தாரா, இல்லை இரண்டும் சேர்ந்தா என்று அந்தப் பதிவுகளிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. வரிசை எப்போதும் தற்செயலாக அமைவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. இஸ்ரேலில் சிறைவாசிகளின் முன்விடுதலை மனுக்களைப் பற்றி 2011இல் வந்த ஆய்வை இணையத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நீதிபதிக்குப் பசி வந்தால் மனு தள்ளுபடி என்று. அதே ஆண்டே அதற்கு மறுப்பும் வந்தது. வழக்கறிஞர் இல்லாதவர்களின் மனுக்கள் ஒவ்வொரு அமர்வின் கடைசியில் வந்தன, அவை எப்படியும் தள்ளுபடியாகும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். புள்ளியியல் படிக்கப் போகிறவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு முன்னால் போனவர் பிரமாதமாகச் செய்தால் நீங்கள் மங்கித் தெரிவீர்களா? இந்த விளைவு உண்டு என்று ஆய்வகச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். நிஜத் தேர்வில் எவ்வளவு என்பது குழு எப்படி மதிப்பெண் போடுகிறது என்பதைப் பொறுத்தது. நாங்கள் 9 மணிக்குக் கூடி அரை மணி நேரம் பேசுவதே இதற்காகத்தான். 10க்கு 4 என்றால் எப்படிப்பட்ட பதில், 7 என்றால் எப்படிப்பட்ட பதில் என்று தாளில் எழுதி வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துப் போடும்போது முந்தைய ஆளின் நிழல் குறையும், முழுக்கப் போகாது. என் கருத்தைக் கேட்டால், எந்த எண் கிடைத்தால் என்ன என்று விட்டுவிடலாம். மாற்றவும் முடியாது, மாற்றினாலும் ஆதாயம் சிறியது. 7ஆம் எண் எந்தக் கணக்கிலும் மோசமான எண் அல்ல.

உள்ளே போனால் மூன்று அல்லது நான்கு பேர் இருப்பார்கள். நடுவில் இருப்பவர் தலைவர், அவர் உங்கள் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு முதல் கேள்வியைத் தொடங்கிவைப்பார். ஓரத்தில் ஒருவர் உங்களைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருப்பார். அவருக்கு உங்கள் மேல் அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை, குறிப்பு எடுப்பது அந்த நேரத்தில் அவர் பொறுப்பு. யாரும் சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை என்றாலும் கவலை வேண்டாம். கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்றால் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளச் சொல்லியே பயிற்சி கொடுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட நேர்காணலின் மதிப்பெண், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலின் மதிப்பெண்ணைவிட நம்பகமானது என்பது தேர்வு முறைகளைப் பற்றிய ஆய்வுகளில் ஓரளவு தெளிவாக நிலைபெற்ற முடிவு.

கேள்விகள் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி ஒருவர் ப்ராஜெக்ட் செய்திருக்கிறார், அறிக்கையில் சராசரியைப் போடாமல் மீடியனைப் போட்டிருக்கிறார். முதல் கேள்வி அங்கேதான் விழும்: ஏன் மீடியன்? ஒன்பது பேர் 30 நிமிடமும் ஒருவர் 300 நிமிடமும் காத்திருந்தால் சராசரி 57 நிமிடம் வரும், ஆனால் 57 நிமிடம் காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை, மீடியன் 30 என்பதுதான் உண்மைக்குப் பக்கம் என்கிறார். நல்ல பதில். அடுத்த படி: அப்படியானால் சராசரி எப்போதும் மீடியனைவிடப் பெரியதா? கொஞ்சம் யோசித்து, இல்லை, எளிதான தேர்வில் பெரும்பாலோர் 90க்கு மேல் வாங்கி நாலைந்து பேர் மிகக் குறைவாக வாங்கினால் சராசரி கீழே இழுபடும் என்கிறார். மூன்றாவது படி: சராசரியே இல்லாத பரவல் ஒன்று சொல்ல முடியுமா? இங்கே நின்றுவிடுகிறார்.

இந்த நிற்கும் இடத்தைத் தேடித்தான் குழு படி ஏறிக்கொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் அவர் எல்லை எங்கே என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் தெரியாத கேள்வி வரும்வரை கேட்போம். வெளியே வந்து "கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை, போச்சு" என்று வருந்துகிறவர்களில் பலர் நன்றாகச் செய்தவர்கள்தான். நின்ற பிறகு என்ன செய்கிறார் என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. குழுவில் ஒருவர் குறிப்பு கொடுக்கிறார்: ஒன்றையொன்று சாராத இரண்டு திட்ட இயல்நிலை மாறிகளை எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால்? கீழே இருப்பது பூஜ்ஜியத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வரலாம், அப்போது விகிதம் மிகப் பெரிதாகும், அதனால் வால் கனமாக இருக்கும், சராசரிக்கான தொகையீடு ஒருங்காமல் போகலாம் என்று மெதுவாகச் சொல்கிறார். அதற்குக் கோஷிப் பரவல் என்று பெயர் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதற்காக யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. இதே இடத்தில் இன்னொருவர் நினைவில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக, பாய்சான், காமா, பீட்டா என்று வீசிக்கொண்டே போனால் அது ஊகம் என்று உடனே தெரிந்துவிடும். "தெரியவில்லை, ஆனால் இப்படி யோசிக்கலாம் என்று தோன்றுகிறது" என்று சொல்லி ஒரு அடி எடுத்துவைப்பது நல்லது. வெறும் "தெரியவில்லை"யும் தப்பில்லை, ஆனால் அதையே மூன்று முறை சொன்னால் பிடித்து ஏற எங்களுக்கு ஒன்றும் இருக்காது.

கேள்விகள் ஏறாமல் இறங்குவதும் உண்டு. ஆரம்பக் கேள்விக்கே பதில் தடுமாறினால் அதைவிட எளிதான ஒன்றைக் கேட்பார்கள், பிறகு பாடத்தையே மாற்றுவார்கள். பாடம் மாறுவதை உதவி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரிந்த இடத்தை அவர்கள் தேடுகிறார்கள். "உங்களுக்குப் பிடித்த பாடம் எது" என்று கேட்டால் கேள்வி வாங்கத் தயாராக இருக்கும் பாடத்தை மட்டும் சொல்லுங்கள். கவர்ச்சியாக இருக்கட்டும் என்று மெஷின் லேர்னிங் என்று சொல்லிவிட்டு, நேர்கோட்டுப் பின்னோக்கின் அனுமானங்களைக் கேட்டதும் திணறுகிறவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கலாம். கரும்பலகையோ வெள்ளைத்தாளோ இருந்தால் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். தாளில் எழுதிக்கொண்டே பேசுகிறவர் எங்கே தவறுகிறார் என்று எங்களுக்குத் தெரியும், திருத்த வாய்ப்பும் கொடுக்க முடியும்.

இடைமறித்துப் பேசினால் பதறாதீர்கள். பேச்சுத் தேர்வுகளில் இது விதியிலேயே இருக்கிறது. உதாரணமாக ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். நடுப்பகுதியில் ஒரு தலைப்பைக் கொடுத்து ஒரு நிமிடம் தயாராக விட்டு, அதிகபட்சம் 2 நிமிடம் பேச விடுவார்கள், அதற்கு மேல் போனால் தேர்வாளர் நிறுத்திவிடுவார். நிறுத்தியதால் மதிப்பெண் குறையாது, நேரம் முடிந்தது, அவ்வளவுதான். குழு நேர்காணலிலும் அப்படித்தான். பதில் சரியான பாதையில் போகிறது என்று தெரிந்ததுமே அடுத்ததற்குத் தாவுவார்கள், வெளியே இன்னும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அதே தர்க்கப்படி, 12 நிமிடத்தில் உங்களை அனுப்பிவிட்டால் அதற்கும் தனியாக ஒரு அர்த்தம் கிடையாது. தெளிவாகத் தேறியவர்களையும் தெளிவாகத் தேறாதவர்களையும் குழு சீக்கிரம் முடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களிடம்தான் நேரம் அதிகம் செலவாகும்.

கதவு மூடியதும் அந்த 5 நிமிடத்தில் நடப்பது இது. நன்றாக நடத்தும் இடங்களில் ஒவ்வொருவரும் தன் மதிப்பெண்ணைப் பேசாமல் முதலில் எழுதுவார், பிறகுதான் வாயைத் திறப்பார்கள். தலைவர் முதலில் "சுமார்தான்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களின் பேனா அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒருவர் 8, இன்னொருவர் 4 என்று வந்தால் காரணம் கேட்பார்கள், பெரும்பாலும் ஒருவர் கவனித்ததை மற்றவர் கவனித்திருக்க மாட்டார். எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பேசி ஒரே எண்ணை எழுதும் குழுக்களும் உண்டு, தலைவரின் குரல் ஓங்கும் குழுக்களும் உண்டு. வெளியிலிருந்து இதை அறிய வழியில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் இருந்தால், ஒரு குழு தாராளமாகவும் இன்னொன்று கறாராகவும் போட்டிருக்கக்கூடும். அதைச் சரிசெய்யப் பிறகு மதிப்பெண்களைக் குழுவாரியாக ஒப்பிட்டுச் சீராக்குவதும் உண்டு, செய்யாமல் விடுவதும் உண்டு. நேர்காணலுக்கு எத்தனை விழுக்காடு, எழுத்துத் தேர்வுக்கு எத்தனை என்பது சேர்க்கைக் கையேட்டில் இருக்கும். அதை இப்போதே பார்த்துவிடுங்கள். நேர்காணலுக்கு 20, எழுத்துக்கு 80 என்றிருந்தால் இந்த நாளைப் பற்றி இவ்வளவு கவலைப்படத் தேவையே இருக்காது.

இணையவழி என்று மாற்றிவிட்டால் கூடுதலாக ஒன்றிரண்டு. வேறு நாட்டு நிறுவனம் என்றால் நேர மண்டலத்தைப் பாருங்கள், கோடை நேரம் மாறும் நாடுகளில் மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு மணி நேரம் தவறிப்போகிறவர்கள் உண்டு. அழைப்பில் யூடிசி என்று உலகப் பொது நேரத்தைப் போட்டிருந்தால் அதிலிருந்து நீங்களே கணக்கிடுவது பாதுகாப்பு. இணைப்பு அறுந்தால் உடனே மறுபடி இணையுங்கள், அதோடு அவர்கள் கொடுத்த எண்ணுக்கு நேரத்தைக் குறிப்பிட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். அறுந்த நிமிடங்களைத் திரும்பக் கொடுக்கும்போது குழு கேட்பது இந்தப் பதிவைத்தான்.

முறைப்படி நடக்கவில்லை, நேரம் தரவில்லை, விண்ணப்பத்தையே மாற்றி வைத்துக் கேட்டார்கள் என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே, அந்த வளாகத்தை விட்டுப் போகும் முன் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். முடிவு வந்த பிறகு கொடுக்கும் புகார் வேறு மாதிரிதான் பார்க்கப்படும். பேச்சுப் பதிவு செய்யப்படும் தேர்வுகளில் மறுமதிப்பீடு கேட்கலாம், ஐஇஎல்டிஎஸில் அப்படிச் செய்ய முடியும். பதிவே இல்லாத குழு நேர்காணலில் மறுமதிப்பீடு என்பது பெரும்பாலும் கூட்டல் சரியா என்று பார்ப்பதோடு நின்றுவிடும்.

முடிந்ததும் வருகைப் பதிவேட்டில் வெளியேறும் கையெழுத்து கேட்டால் போடுங்கள், அசல் சான்றிதழ்களை வாங்கும்போது மேசையிலேயே எண்ணிப் பாருங்கள். காலையில் கொடுத்த எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தால் இன்னும் வசதி, ஒரே மாதிரி பிளாஸ்டிக் உறையில் அன்றைக்கு ஐம்பது பேருடைய தாள்கள் அங்கே கிடக்கும்.